மணிக்கு எவ்வளவு கட்டுபடியாகிறது? மூன்று வீடியோ எடிட்டிங் வேலைகளின் கணக்கு

என் சித்தி மகள் தஞ்சாவூரில் வீட்டிலிருந்தே வீடியோ எடிட்டிங் செய்கிறாள். இரண்டு வருடம் முன்பு நான்தான் அவளுக்கு இந்த வேலையைப் பழக்கிவிட்டேன். ஒரு நாள் இரவு பதினோரு மணிக்குப் போன் செய்தாள். "அண்ணா, மூணு இடத்துல வேலை ஓடுது. மூணையும் இழுக்க முடியல. ஒண்ண விட்டாகணும். எத விடட்டும்?"

எது குறைவாகத் தருகிறது என்று கேட்டேன். யோசிக்காமலே பதில் வந்தது: சென்னையில் ஒரு யூடியூப் சேனல், பத்து நிமிட வீடியோ ஒன்றுக்கு 2,500 ரூபாய். மற்ற இரண்டும் ஃப்ரீலான்ஸ் தளங்கள் வழியாக வரும் டாலர் வேலை. ஃபைவரில் பத்து நிமிட வீடியோவுக்கு 60 டாலர். அப்வொர்க்கில் ஒரு வெளிநாட்டு வாடிக்கையாளர், மணிக்கு 9 டாலர், வாரம் இருபது மணி நேரம். 60 டாலர் என்றால் ஐயாயிரம் ரூபாய்க்கு மேல். அதே நீள வீடியோவுக்குச் சேனல்காரர் தருவது பாதிதான். ஆகவே சேனலை விட்டுவிடலாம் என்பது அவள் எண்ணம்.

எனக்கும் முதலில் அது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் நானே சில வருடம் முன்பு இதே மாதிரி விலையை மட்டும் பார்த்து ஒரு நல்ல வேலையை விட்டவன். அதனால் சொன்னேன்: "இப்ப எதையும் விடாதே. ஒரு மாசம் எல்லா நேரத்தையும் நோட்டுல எழுது. எடிட் பண்ற நேரம் மட்டும் இல்ல, எல்லா நேரமும்." எழுதினாள். கீழே வரும் கணக்கெல்லாம் அந்த நோட்டிலிருந்து எடுத்தது. டாலரை 85 ரூபாய் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் கணக்குப் போடும் நாளில் என்ன விலையோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த நேரத்தை எழுதுவது?

நோட்டுப் போட்டவுடன் அவளுக்கு வந்த முதல் சந்தேகம் இதுதான். வாடிக்கையாளர் 40 ஜிபி ஃபைல் அனுப்புகிறார், அது இரவு முழுக்க இறங்குகிறது. அது வேலை நேரமா? எடிட் முடித்த வீடியோவை ஒரே ஃபைலாக்க எக்ஸ்போர்ட் போட்டுவிட்டு இருபத்தைந்து நிமிடம் காத்திருப்பது வேலை நேரமா?

நான் வைத்திருக்கும் அளவுகோல் எளிமையானது. அந்த நேரத்தில் எழுந்து போய் உன் சொந்த வேலையைப் பார்க்க முடிந்ததா? முடிந்தது என்றால் எழுதாதே. தூங்கும்போது இறங்கும் ஃபைலுக்கு நேரம் கிடையாது. ஆனால் அவளிடம் இருப்பது ஒரே ஒரு லேப்டாப். எக்ஸ்போர்ட் ஓடும்போது அதில் வேறு எதையும் திறக்க முடியாது. அடுத்த வீடியோவைத் தொடங்க வேண்டியவள் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அது வேலை நேரம்தான். சாப்பிடப் போகும் முன் எக்ஸ்போர்ட்டைப் போட்டுவிட்டுப் போகக் கற்றுக்கொண்டாள். அன்றிலிருந்து அந்த இருபத்தைந்து நிமிடம் நோட்டிலிருந்து மறைந்தது. வருமானம் ஒரு ரூபாய்கூட ஏறாமல் அவளுடைய மணிக்கூலி ஏறியது அதனால்தான்.

இன்னொன்று, ஆர்டர் கொடுக்காமல் போனவர்களிடம் பேசிய நேரம். இதைப் பலரும் எழுதுவதே இல்லை, ஏனென்றால் எந்த வேலையின் கணக்கில் எழுதுவது என்று தெரியாது. ஃபைவரில் விலை கேட்டு, மாதிரி கேட்டு, இரண்டு நாள் பேசி, பிறகு காணாமல் போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் பேசாமல் மற்றவர்களின் ஆர்டர் வந்திருக்காது. அதனால் அந்த மாதம் அப்படிப் போன நேரத்தையெல்லாம் கூட்டி, வந்த ஆர்டர்களுக்குப் பங்கிட்டோம். ஆர்டர் கொடுத்தவரிடம் பேசியதையும் சேர்த்து ஒரு ஆர்டருக்கு 50 நிமிடம் வந்தது.

60 டாலர் வேலை

முதலில் பணம். ஃபைவர் விற்பவரிடமிருந்து 20 சதவீதம் பிடிக்கிறது. கூடுதல் சேவைக்கும், வாடிக்கையாளர் பிரியப்பட்டுத் தரும் டிப்ஸுக்கும் அதே 20 சதவீதம்தான். 60 டாலரில் 48 மிஞ்சும். அது ரூபாயாக மாறி வங்கிக்கு வரும்போது பரிமாற்ற விலையில் இன்னும் கொஞ்சம் போகும். இதைக் கட்டணம் என்று யாரும் தனியாகக் காட்டுவதில்லை. கண்டுபிடிக்க ஒரே வழி, வங்கியில் விழுந்த ரூபாயை அனுப்பிய டாலரால் வகுத்து, அன்றைய சந்தை விலையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. அவளுக்குச் சுமார் 3 சதவீதம் குறைந்திருந்தது. ஆக 5,100 ரூபாய் என்று அவள் நினைத்தது கைக்கு வரும்போது சுமார் 3,960 ரூபாய்.

அப்புறம் நேரம். சராசரியான ஒரு ஆர்டரை எடுத்துக்கொள்கிறேன். பேச்சுக்கு 50 நிமிடம். ஃபைல்களைத் திறந்து பார்த்து, பெயரிட்டு, வரிசைப்படுத்த 40 நிமிடம். எடிட்டிங் ஐந்தரை மணி நேரம். எக்ஸ்போர்ட் போட்டு, முழு வீடியோவையும் ஒருமுறை பார்த்துச் சரிபார்த்து, அனுப்ப 40 நிமிடம். இது வரைக்கும் அவளும் ஒரு மாதிரி எதிர்பார்த்ததுதான்.

அதற்குப் பிறகு வருவதுதான் திருத்தம். முதல் திருத்தம் ஒரு மணி இருபது நிமிடம். இரண்டாவது 50 நிமிடம். அவளுடைய பேக்கேஜில் இரண்டு திருத்தம்தான் உண்டு. ஆனாலும் மூன்றாவதாக "ஒரு சின்ன மாற்றம்" வரும். ரேட்டிங் குறைந்துவிடுமோ என்ற பயத்தில் அதையும் செய்துகொடுப்பாள். அது 40 நிமிடம். திருத்தம் ஏன் இவ்வளவு நேரம் எடுக்கிறது என்று வெளியில் இருப்பவர்களுக்குப் புரியாது. இரண்டாவது நிமிடத்தில் ஒரு வாக்கியத்தை வெட்டச் சொன்னால், வெட்டுவது பத்து நொடி வேலை. ஆனால் அதன் பின்னால் இருக்கும் இசை நகரும், எழுத்துகள் நகரும், இசையின் தாளத்துக்கு ஏற்றபடி வைத்த வெட்டுகள் எல்லாம் தப்பிப்போகும். அதையெல்லாம் மறுபடி சரிசெய்து, மறுபடி எக்ஸ்போர்ட் போட்டு, மறுபடி முழுதும் பார்த்து, மறுபடி ஏற்ற வேண்டும். திருத்தம் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் இந்தக் கடைசி மூன்று வேலையும் குறையாது.

மொத்தம் 630 நிமிடம், அதாவது பத்தரை மணி நேரம். 3,960 ரூபாயைப் பத்தரையால் வகுத்தால் மணிக்கு 377 ரூபாய். எடிட்டிங் நேரத்தை மட்டும் வைத்து அவள் மனதில் போட்டிருந்த கணக்கு 5,100 ரூபாய்க்கு ஐந்தரை மணி நேரம், மணிக்கு 927 ரூபாய்.

இதை ஸ்ப்ரெட்ஷீட்டில் போட விரும்பினால் ஒரே வரிதான். B2 முதல் B7 வரை வரிசையாக: டாலர் விலை, தளத்தின் கட்டணம் (20 சதவீதம் என்றால் 0.2), டாலரின் சந்தை விலை, பரிமாற்றத்தில் போவது, அந்த ஆர்டருக்கென்றே செய்த ரூபாய்ச் செலவு, மொத்த நிமிடம்.

```
=(B2*(1-B3)*B4*(1-B5)-B6)/(B7/60)
```

ஒரு ஆர்டரை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. அந்த மாதம் அவள் முடித்த ஐந்து ஆர்டருக்கு ஆன நேரம் 8, 9½, 10, 10½, 14½ மணி. பதினாலரை மணி எடுத்த ஆர்டரில் எடிட்டிங் முடிந்த பிறகு வாடிக்கையாளர் புதிதாகக் குரல் பதிவு செய்து அனுப்பியிருந்தார். அவள் ஒவ்வொரு ஆர்டருக்கும் மணிக்கூலி கண்டு, ஐந்தையும் கூட்டி, ஐந்தால் வகுத்தாள். 391 வந்தது. அது தப்பு. சீக்கிரம் முடிந்த ஆர்டரின் நல்ல எண்ணும் இழுத்துக்கொண்டே போன ஆர்டரின் மோசமான எண்ணும் அங்கே சமமாக எடை போடுகின்றன. ஆனால் இழுத்த ஆர்டரில்தான் அவள் அதிக நேரம் உட்கார்ந்திருந்தாள். மொத்தப் பணத்தை மொத்த நேரத்தால் வகுக்க வேண்டும். அப்போது 377. இன்னும் ஒரு ஆர்டர் பாதியில் ரத்தானது, அதில் ஆறு மணி நேரம் போயிற்று, பணம் எதுவும் வரவில்லை. அந்த ஆறு மணி நேரத்தையும் சேர்த்தால் 338.

மணிக்கு 9 டாலர் வேலை

இதில் கணக்கே வேறு மாதிரி. ஒவ்வொரு வீடியோவிலும் கசிவது குறைவு. கசிவெல்லாம் வேலை கிடைப்பதற்கு முன்பே நடந்துவிடுகிறது.

அப்வொர்க்கில் ஒரு வேலைக்கு விண்ணப்பிக்க கனெக்ட் என்ற டோக்கன் செலவாகும். ஒரு கனெக்ட் 15 சென்ட். இந்த வேலை கிடைக்கும் முன் அவள் 22 விண்ணப்பம் போட்டிருந்தாள், சராசரியாக ஒன்றுக்கு 12 கனெக்ட். கிட்டத்தட்ட 40 டாலர் அப்படியே போயிற்று. ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் வேலை விவரத்தைப் படித்து, அவர்கள் சேனலைப் பார்த்து, பொருத்தமாக எழுத 25 நிமிடம் என்றால் ஒன்பது மணி நேரத்துக்கு மேல். இரண்டு வீடியோ அழைப்பு நேர்காணல். எல்லாம் சேர்த்துப் பதினோரு மணி நேரம், ஒரு ரூபாய்கூட வராமல்.

வேலை தொடங்கிய பிறகு அவளுடைய ஒப்பந்தத்தில் கட்டணம் 10 சதவீதம். எல்லோருக்கும் இதே விகிதம் என்று நினைத்துவிட வேண்டாம். 2025 மே மாதத்திலிருந்து புதிய ஒப்பந்தங்களுக்கு 0 முதல் 15 சதவீதம் வரை மாறுகிறது. ஒப்பந்தத்தை ஏற்கும் முன் திரையில் காட்டும் விகிதத்தையே கணக்கில் போட வேண்டும்.

டிராக்கர் ஓடும் நேரத்துக்குத்தான் பணம். அது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திரையைப் படம் பிடிக்கும், கீபோர்டும் மவுஸும் எவ்வளவு அசைந்தன என்றும் குறித்துக்கொள்ளும். எக்ஸ்போர்ட் ஓடும்போது அசைவே இருக்காது என்பதால் அவள் பயந்து டிராக்கரை நிறுத்திவிடுவாள். இரவு பத்து மணிக்குப் போனில் வரும் செய்திகளுக்குப் பதில் சொல்வதும் டிராக்கரில் சேராது. இப்படி மாதத்தில் பத்து மணி நேரம் வெளியே போயிருந்தது.

ஆக முதல் மாதம் டிராக்கரில் 80 மணி நேரம், 720 டாலர். கட்டணமும் கனெக்ட் செலவும் பரிமாற்றமும் போகக் கையில் சுமார் 50,160 ரூபாய். உண்மையில் உழைத்தது 80, அதோடு 11, அதோடு 10, மொத்தம் 101 மணி நேரம். மணிக்கு 497 ரூபாய்.

இங்கே முக்கியமான ஒன்று உண்டு. இந்த 497 நிலையான எண் அல்ல. முன்னால் போட்ட பதினோரு மணி நேரமும் 40 டாலரும் ஒப்பந்தம் எத்தனை நாள் ஓடுகிறதோ அத்தனை நாளுக்குப் பரவும். ஒரே வாரத்தில் வாடிக்கையாளர் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அவளுடைய மணிக்கூலி சுமார் 300 ரூபாய்தான், அதாவது ஃபைவரைவிடவும் மோசம். ஆறு மாதம் ஓடினால் 576. அதே 9 டாலர்தான், அதே வாடிக்கையாளர்தான். அதனால் இந்த மாதிரி வேலையில் "மணிக்கு எவ்வளவு" என்று கேட்பதற்கு முன் "எத்தனை வாரம் ஓடும்" என்று கேட்க வேண்டும். விண்ணப்பிக்கும்போதே பார்க்கலாம்: அந்த வாடிக்கையாளர் இதற்கு முன் எத்தனை பேரை எடுத்தார், ஒவ்வொருவருக்கும் எத்தனை மணி நேரத்துக்குப் பணம் கொடுத்தார் என்பது அவருடைய பக்கத்தில் பல நேரம் தெரியும். ஐந்து மணி, எட்டு மணி என்று துண்டு துண்டாக நிறையப் பேரை எடுத்தவர் என்றால் நீங்களும் அந்த வரிசையில் ஒருவராகத்தான் இருப்பீர்கள்.

திருத்தத்தைப் பற்றி இங்கே பேசவே இல்லை, கவனித்தீர்களா? இந்த வாடிக்கையாளரும் திருத்தம் சொல்கிறார், ஃபைவரில் வந்தவர்களைவிட அதிகமாகவே சொல்கிறார். ஆனால் அப்போது டிராக்கர் ஓடுகிறது. மனது மாறினால் செலவு அவருடையது. ஒரே விலைக்கு ஒப்புக்கொண்ட வேலையில் அவர் மனது மாறினால் செலவு உங்களுடையது. இரண்டு வகை வேலைக்கும் இருக்கும் பெரிய வித்தியாசம் இதுதான் என்பது என் எண்ணம். கட்டணம் பத்தா இருபதா என்பதெல்லாம் இதற்குப் பின்னால்தான்.

2,500 ரூபாய் வேலை

அவள் விட நினைத்த வேலை. சமையல் சேனல், மாதம் எட்டு வீடியோ, பணம் யுபிஐ மூலம் வருகிறது. 2,500 என்றால் 2,500. நடுவில் யாரும் எடுப்பதில்லை. (சேனலை நிறுவனமாக நடத்துகிறவர்கள் சிலர் டிடிஎஸ் பிடித்துக்கொண்டு தருவார்கள். அதைக் கட்டணமாகக் கழிக்கக் கூடாது. அது உங்கள் பெயரில் கட்டிய வரி, வருமான வரித் தளத்தில் உங்கள் கணக்கில் தெரியும், வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது சரிக்கட்டிக்கொள்ளலாம். கைக்கு வரத் தாமதமாகும், அவ்வளவுதான்.)

நேரத்தைப் பார்த்தபோது அவளுக்கே ஆச்சரியம். எடிட்டிங் மூணேகால் மணி நேரம்தான். ஃபைவரில் ஐந்தரை மணி நேரம் ஆகும் அதே பத்து நிமிட வீடியோ. காரணம் எளிது. ஒரே சமையலறை, ஒரே இரண்டு கேமரா, ஒரே முகப்பு, ஒரே எழுத்துரு. முதல் ஐந்தாறு வீடியோவிலேயே அவள் டெம்ப்ளேட் போட்டு வைத்துவிட்டாள். கடுகு வெடிக்கும் சத்தம் எங்கே உயர வேண்டும், சமைக்கும் அம்மா பேசும்போது இசை எவ்வளவு இறங்க வேண்டும் என்பதெல்லாம் இப்போது கேட்க வேண்டியதில்லை. ஃபைவரில் ஒவ்வொரு ஆர்டரும் புது மனிதர், புது ரசனை. ஒவ்வொரு முறையும் அந்த மனிதரைக் கற்றுக்கொள்ளும் நேரத்துக்கு யாரும் பணம் தருவதில்லை.

ஃபைல் வரிசைப்படுத்த 30 நிமிடம். தம்ப்நெயில் 30 நிமிடம், இதைச் சேர்த்துச் செய்துதரச் சொல்லி ஆரம்பத்திலேயே கேட்டுவிட்டார்கள், தனிப் பணம் இல்லை. வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாக வரும் திருத்தம் 35 நிமிடம். எக்ஸ்போர்ட், அனுப்புதல் 20. மாதக் கடைசியில் பணம் கேட்டு இரண்டு மூன்று முறை நினைவுபடுத்துவதைப் பங்கிட்டால் 10. மொத்தம் ஐந்து மணி இருபது நிமிடம். மணிக்கு 469 ரூபாய்.

குறைந்த விலை என்று விட நினைத்த வேலை 469, பெரிய விலை என்று பிடித்துக்கொண்டிருந்தது 338. போனில் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம் கேட்டாள், "அப்ப அஞ்சு மாசமா நான் ராத்திரி கண் முழிச்சது எதுக்கு அண்ணா?" வீணாகவில்லை, ரேட்டிங்கும் காட்டுவதற்கு வேலையும் சேர்ந்திருக்கின்றன என்று சொன்னேன். உண்மையும் அதுதான். ஆனால் ஐந்து மாதம் முன்பே இந்த நோட்டைப் போட்டிருந்தால் விலையை அப்போதே மாற்றியிருப்பாள்.

சேனல் வேலைக்கும் ஒரு ஓட்டை உண்டு. நடுவில் தளம் இல்லை என்றால் பணத்துக்கு உறுதியும் இல்லை. எட்டில் ஒரு வீடியோவுக்குப் பணம் வராமல் போனால் மணிக்கூலி 410 ஆகிவிடும். அவளுக்கு இதுவரை அப்படி ஆகவில்லை, தாமதம் மட்டும்தான். எனக்கு ஆகியிருக்கிறது. ஒரு வாடிக்கையாளர் மூன்று வீடியோவை வாங்கிக்கொண்டு போனை எடுக்காமலே போய்விட்டார். அதிலிருந்து நான்கு வீடியோவுக்கு ஒருமுறை பணம் வந்தால்தான் அடுத்ததைத் தொடங்குவேன். அவளையும் அப்படியே வைத்துக்கொள்ளச் சொன்னேன். நஷ்டத்துக்கு அதுவே ஒரு எல்லை.

சாஃப்ட்வேர் செலவை எங்கே கழிப்பது?

எடிட்டிங் சாஃப்ட்வேர் சந்தா அவளுக்கு மாதம் சுமார் 2,000. காப்புரிமைப் பிரச்சினை வராத இசைக்கு ஒரு சந்தா 1,000. இணையத்தில் வேலைக்கான பங்கு 700. ஹார்ட் டிஸ்க்குக்கு மாதம் 300 என்று ஒதுக்குகிறாள். லேப்டாப் 90,000 ரூபாய், நான்கு வருடம் உழைக்கும் என்று வைத்தால் மாதம் 1,875. மொத்தம் கிட்டத்தட்ட 5,900.

இதை அவள் மூன்று வேலைக்கும் பிரித்துப் பிரித்துக் கழிக்கப் பார்த்தாள். வேண்டாம் என்றேன். எந்த வேலையை விடுவது என்று ஒப்பிடும்போது இந்த 5,900ஐத் தொடவே கூடாது. ஏனென்றால் ஃபைவரை விட்டாலும் சந்தா ஓடும், லேப்டாப்பும் தேயும். விட்டால் நிற்காத செலவு அந்த வேலையின் செலவு அல்ல. ஒரு ஆர்டருக்கென்றே வாங்கிய எழுத்துரு, அந்த வாடிக்கையாளர் கேட்டதற்காகவே கட்டிய ஒரு மாதச் சந்தா, இவைதான் அந்த ஆர்டரின் கணக்கில் கழியும்.

மாதச் செலவை மொத்த மாதத்துக்குக் கழித்துப் பார்க்க வேண்டும். அந்த மாதம் மூன்று வேலையும் சேர்ந்து சுமார் 89,900 ரூபாய், செலவு போக 84,000. உழைத்தது 202 மணி நேரம். மணிக்கு 416 ரூபாய். நாளைக்கு ஒரு சம்பள வேலை வந்தால் அவள் ஒப்பிட வேண்டிய எண் இந்த 416தான்.

செலவையே குறைக்க முடியுமா என்பது தனிக் கேள்வி. டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் சாஃப்ட்வேரின் இலவசப் பதிப்பு சமையல் சேனல் மாதிரியான வேலைக்குத் தாராளமாகப் போதும். ஆனால் அப்வொர்க் வாடிக்கையாளர் அவள் இப்போது சந்தா கட்டும் பிரீமியரின் புரொஜெக்ட் ஃபைலையே கேட்கிறார். அவர் இருக்கும்வரை அந்த 2,000 நிற்காது.

என்ன முடிவு செய்தாள்?

ஃபைவரை ஒரேயடியாக மூடச் சொல்லவில்லை. கணக்கைத் திருப்பிப் போட்டோம். சேனல் வேலைக்குச் சமமாக, மணிக்கு 469 வர வேண்டுமானால் 60 டாலர் ஆர்டர் எட்டரை மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். இப்போது பத்தரை ஆகிறது. இரண்டாவது, மூன்றாவது திருத்தம் இல்லாவிட்டால் ஒன்பது மணி நேரம், மணிக்கு 440. கிட்டத்தில் வருகிறது, எட்டவில்லை. நேரத்தைக் குறைக்காமல் விலையை மட்டும் ஏற்றினால் 75 டாலர் கேட்க வேண்டும்.

அவள் இரண்டையும் செய்தாள். விலை 75, ஒரே ஒரு திருத்தம், அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் 10 டாலர். ஆர்டர் எடுக்கும் முன்பே குரல் பதிவு இறுதியானது என்று எழுதி வாங்குகிறாள், பதினாலரை மணி நேர ஆர்டர் கற்றுக்கொடுத்தது அது. திருத்தத்தை ஒரே பட்டியலாக, வீடியோவில் எத்தனையாவது நிமிடம், நொடி என்று குறித்து அனுப்பச் சொல்கிறாள். தனித்தனியாக வந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு எக்ஸ்போர்ட். ஒன்றாக வந்தால் மொத்தத்துக்கும் ஒரு எக்ஸ்போர்ட். ஆர்டர் குறைந்தது. மாதம் ஐந்து வந்த இடத்தில் இப்போது இரண்டு வருகிறது, சில மாதம் ஒன்றுதான்.

ஃபைவரில் எதுவுமே வராத மாதத்தையும் போட்டுப் பார்த்தோம். அப்வொர்க்கும் சேனலும் மட்டும், விண்ணப்பத்துக்குப் போன பதினோரு மணி நேரமும் 40 டாலரும் இனி இல்லை என்றால் செலவு போக 67,500 ரூபாய், 133 மணி நேரம், மணிக்கு 508. வருமானம் பதினாறாயிரத்துக்கு மேல் குறைகிறது, அது சின்னத் தொகை அல்ல. கடன் தவணை இருக்கிறவர்களுக்கு இந்த முடிவு சரிவராது. அவர்களுக்கு மணிக்கு 338 ரூபாயும் வேண்டியதுதான், வேறு வேலை கையில் கிடைக்கும்வரை. அவளுக்குத் தவணை இல்லை, 69 மணி நேரம் மிச்சமாவது பெரிதாக இருந்தது. வாரத்துக்குப் பதினாறு மணி நேரம், பெரும்பாலும் இரவு நேரம்.

கடைசியாகத் தம்ப்நெயிலைப் பற்றிச் சேனல்காரரிடம் பேசினாள். எனக்கு அவள் பேசுவாளா என்றே சந்தேகமாக இருந்தது. நோட்டைப் படம் எடுத்து அனுப்பிவிட்டாள். "சார், தம்ப்நெயிலுக்கு அரை மணி நேரம் ஆகுது. அது இல்லாம 2,500, அதோட 2,800. எது உங்களுக்கு வசதியோ சொல்லுங்க." அது இல்லாமல் செய்தால் மணிக்கு 517, சேர்த்துச் செய்தால் 525, இரண்டும் அவளுக்குச் சரிதான். மறுநாள் காலை பதில் வந்தது: தம்ப்நெயிலோடு 2,800, இந்த மாதத்திலிருந்தே.